III(i) வந்த வழி

அடுக்ககச் சங்கம் ஒன்றின் துணைவிதிகளில் மூன்றாம் பிரிவு கட்டணங்களைப் பற்றியது. அதில் ஒன்பதாவதாக வரும் விதி, பராமரிப்புத் தொகையைப் பத்தாம் தேதிக்குள் கட்டாதவருக்கு அபராதம் என்கிறது. விதியின் பொருள் பிறந்ததிலிருந்து மாறவில்லை. அதன் முன்னால் நிற்கும் அடையாளம் மட்டும் III(i) என்று தொடங்கி, (ை) ஆகி, (k) ஆகி, இன்று 3(ஐ) என்று நிற்கிறது. துணைவிதிகளைச் சீர்செய்து தரும்படி சங்கத்தார் என்னிடம் கேட்டபோதுதான் அந்தப் பயணம் முழுவதையும் பின்னோக்கித் தேடிப் பார்த்தேன்.

முதல் பிரதி ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் ஆங்கிலத் தட்டச்சு. பெரிய பிரிவுகளுக்கு I, II, III. அவற்றின் கீழே (a), (b), (c). அதற்கும் கீழே (i), (ii). அந்தக் காலத்து அலுவலகங்களில் இதுதான் வழக்கம். தாளில் உள்தள்ளல் இருக்கும்வரை யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் இந்த முறைக்குள் ஒரு பொறி பிறவியிலேயே இருக்கிறது. ஆங்கில அகரவரிசையின் ஒன்பதாவது எழுத்தும் ரோமன் ஒன்றும் ஒரே உருவம். மூன்றாம் பிரிவில் (h) என்பது தண்ணீர் லாரிச் செலவு. அதன் கீழ் ஆள் இருக்கும் வீட்டுக்கு (i), பூட்டிய வீட்டுக்கு (ii). அது முடிந்ததும் அடுத்த விதி, அபராதம், அதுவும் (i). பிறகு வட்டி பற்றிய (j). ஆக, தாளில் (h), (i), (ii), (i), (j) என்று இறங்கி ஏறுகிறது வரிசை. உள்தள்ளலை அழித்துவிட்டால் எந்த (i) எது என்று சொல்ல முடியாது.

பிறகு தமிழாக்கம் வந்தது. மொழிபெயர்த்தவர் ஐந்தாம் பிரிவில் மட்டும் (அ), (ஆ), (இ) என்று போட்டார். மற்ற பிரிவுகளில் ஆங்கில எழுத்துகளை அப்படியே விட்டார். இடையில் இரண்டு திருத்தங்கள். மூன்றாம் பிரிவில் (c)க்குப் பிறகு ஜெனரேட்டர் கட்டணம் (c-1) என்று நுழைந்தது, (e) நீக்கப்பட்டது. இந்த அளவில் பட்டியல் கலவையாக இருந்தாலும் உயிரோடுதான் இருந்தது. நுழைந்ததற்குத் தனி அடையாளம், நீங்கியதற்கு வெற்றிடம், மற்றவை இருந்த இடத்தில். சட்டங்களிலும் இதுதான் முறை. நம் அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(f), அதாவது சொத்துரிமை, 1978இல் 44ஆவது திருத்தத்தால் நீக்கப்பட்டது. தொழில் செய்யும் உரிமையான (g) ஒரு படி மேலேறி (f) ஆகவில்லை. அதற்கு முந்தைய தீர்ப்புகள் எல்லாம் (g) என்றே அதைக் குறிப்பிடுகின்றன.

பெரிய சேதம் எழுத்துருவால் வந்தது. தமிழ்ப் பிரதி பாமினியில் தட்டச்சு ஆகியிருந்தது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துரு. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், திரையில் தெரிவது தமிழ். அடையாளங்களுக்கு மட்டும் தட்டச்சு செய்தவர் ஆங்கில எழுத்துருவுக்கு மாறியிருந்தார். பிற்பாடு யாரோ முழுக் கோப்பையும் ஒருங்குறி மாற்றியில் போட்டபோது, எது எந்த எழுத்துரு என்று மாற்றிக்குத் தெரியவில்லை. அடையாளங்களையும் சேர்த்துத் தமிழாக்கிவிட்டது.

பாமினியில் I என்பது ஐ, V என்பது ஏ, X என்பது ஓ. ரோமன் எண்ணின் தூண்கள் மூன்றும் உயிரெழுத்துகளாக உட்கார்ந்திருக்கின்றன! மூன்றாம் பிரிவு ‘ஐஐஐ’ ஆனது. நான்காம் பிரிவு ‘ஐஏ’, பதினொன்றாம் பிரிவு ‘ஓஐ’. இவை பார்த்தவுடன் பிழை என்று தெரிபவை. (a), (b) இரண்டும் (ய), (டி) ஆனதும் அப்படித்தான். (i) என்பது (ை) ஆனது. தனியாக நிற்கும் அந்தக் குறியைப் புள்ளி வட்டத்தோடு திரை காட்டும். தொல்லை தருவது பிழை போலத் தெரியாத பிழை. சின்ன c பாமினியில் உ. எனவே (c) என்ற மூன்றாவது விதி, (உ) என்ற ஐந்தாவது அடையாளத்தோடு, யோக்கியமான முகத்தோடு நின்றது. இன்னொரு பிரிவில் (v) என்ற ஐந்தாவது, (எ) என்ற ஏழாவது அடையாளத்தைப் பெற்றது. (x) மட்டும் (ஒ) ஆகி, பத்துக்குப் பத்து என்று தற்செயலாகச் சரியாக விழுந்தது. அந்த ஒன்றைப் பார்த்து மற்றவையும் சரி என்று நம்பிவிடக் கூடாது.

இதைச் சரிசெய்ய முனைந்த அடுத்தவர், எல்லா அடையாளங்களையும் அழித்துவிட்டுச் சொற்செயலியின் தானியங்கி எண்ணிடலை இயக்கினார். உள்தள்ளல் ஏற்கெனவே போய்விட்டது. நீக்கிய (e)யின் வரியையும் அவர் எடுத்துவிட்டார். ஆக, உட்பிரிவும் துணைப்பிரிவும் ஒரே படியில் (a) முதல் (l) வரை பன்னிரண்டாக வரிசை கட்டின. ஜெனரேட்டர் (d) ஆனது. லாரித் தண்ணீரின் முதல் துணைப்பிரிவு (i) என்ற இடத்தைப் பிடித்தது. அபராதம் (k)க்கு இறங்கியது. அபராத நோட்டீஸ்களோ பழைய வழக்கப்படி “III(i)இன்படி” என்றே போய்க்கொண்டிருந்தன. நோட்டீஸ் வாங்கிய ஒருவர் விதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அங்கே தண்ணீர் லாரிதானே இருக்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி.

திரும்ப அடையாளமிடுவதில் முதல் வேலை, எந்த அடையாளத்தையும் நம்பாமல் ஒவ்வொரு வரியின் ஆழத்தையும் வாசகத்திலிருந்து கண்டுபிடிப்பது. பதிவாளரிடம் கொடுத்த பழைய பிரதி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டாலும் தமிழ் வாக்கியம் காட்டிக்கொடுக்கும். (h) “பின்வருமாறு பகிரப்படும்:” என்று முடிகிறது. அதன் கீழ் வரும் இரண்டும் “ஆள் வசிக்கும் வீடு, முழுப் பங்கு” என்ற மாதிரி வினைமுற்று இல்லாத துண்டுகள். மேலே உள்ள வாக்கியத்தில் தொங்குபவை. அபராத விதியோ எழுவாயும் பயனிலையும் உள்ள முழு வாக்கியம். அது (h)இன் பிள்ளை அல்ல, தம்பி.

அடுத்தது, ஒவ்வொரு படிக்கும் எந்த வரிசை என்ற முடிவு. நடுப்படிக்கு உயிரெழுத்துகள் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. பள்ளி வினாத்தாள் காலத்திலிருந்து அ, ஆ, இ, ஈ பழகியவைதான். அதற்குக் கீழ்ப்படியில் (i), (ii) தொடரலாமா? தாளில் தொடரலாம். ரோமன் எழுத்தும் தமிழ் எழுத்தும் உருவத்தில் மோதுவதில்லை. ஆனால் விதிகள் வாயிலும் புழங்குகின்றன. “மூணு ஐ” என்று தொலைபேசியில் சொன்னால் அது (i) ஆகவும் இருக்கலாம், (ஐ) ஆகவும் இருக்கலாம். (a)வை ஏ என்கிறோம், (e)யை ஈ என்கிறோம், (o)வை ஓ என்கிறோம். மூன்றும் வேறு இடங்களில் இருக்கும் தமிழ் அடையாளங்கள். அதனால் ரோமனை முழுவதும் கழற்றிவிட்டு 1, (அ), (1) என்று மூன்று படிகளை வைத்தோம். தமிழ் எண்களைப் போடலாமே என்று ஓர் உறுப்பினர் ஆர்வமாகக் கேட்டார். ௨ என்பது உ போலவும், ௭ என்பது எ போலவும், ௮ என்பது அ போலவும் இருக்கும். பழைய (i) சங்கடத்தையே தமிழ் உடையில் திரும்ப அழைத்து வருவதாகிவிடும் என்றதும் அவரே விட்டுவிட்டார்.

வாயால் சொல்வதற்கு இலக்கணம் ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது: அகரம், ஆகாரம், இகரம், ஈகாரம். எ, ஏ இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சின்னக் கீற்று. மங்கிய நகலில் அது மறைந்துவிடும். எகரம், ஏகாரம் என்று சொன்னால் காதில் மறையாது. கூட்டக் குறிப்பேட்டிலும் ‘3(ஏ), ஏகாரம்’ என்று ஒருமுறை விரித்து எழுதச் சொன்னேன். கொஞ்சம் பழைய வாசனை அடிக்கிறது என்றார்கள், அடிக்கட்டும்.

உயிரெழுத்துகள் பன்னிரண்டோடு தீர்ந்துவிடும். ஏழாம் பிரிவில், நிர்வாகிகளின் கடமைகள், பதினான்கு இருந்தன. பதின்மூன்றாவதுக்கு ஃ போடலாம் என்றால் பதினான்காவதுக்கு என்ன? (அஅ) என்று தொடங்கலாம். அது மங்கிய நகலில் (அ)வாகப் படிக்கப்படும். க, ங, ச என்று மெய்வரிசைக்குப் போகலாம். ஙவுக்கு அடுத்தது எது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் தயங்குவார்கள். பிரிவையே படித்துப் பார்த்தால் ஒன்பது செயலாளருக்கும் ஐந்து பொருளாளருக்கும் உரியவை. இரண்டு பிரிவுகளாகப் பிளந்தோம். பன்னிரண்டைத் தாண்டும் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான், இரண்டு பட்டியல்கள் ஒட்டிக்கொண்டது.

அதன்பின் பழையது–புதியது அட்டவணை. மூன்றாம் பிரிவுக்கு அதில் முக்கியமான வரிகள் இவை:

```
III(c)      → 3(இ)
III(c-1)    → 3(ஈ)
III(d)      → 3(உ)
III(e)      → இல்லை (நீக்கப்பட்டது)
III(f)      → 3(ஊ)
III(h)(i)   → 3(ஏ)(1)
III(h)(ii)  → 3(ஏ)(2)
III(i)      → 3(ஐ)
III(j)      → 3(ஒ)
```

ஒன்று நுழைந்து ஒன்று நீங்கியதால், (f) முதல் எல்லாம் தத்தம் இயல்பான இடத்திலேயே விழுகின்றன. ஆறாவது ஊ, ஒன்பதாவது ஐ. நடுவில் (d) மட்டும் ஒரு படி தள்ளி உ ஆகிறது. மேலும் கீழும் சரிபார்த்து நடுவை விட்டவருக்கு இது தெரியாது. நீக்கப்பட்ட வரியும் அட்டவணையில் இருந்தாக வேண்டும். பழைய கூட்டக் குறிப்பு ஒன்றில் “மூன்றாம் பிரிவு ஈ நீக்கப்பட்டது” என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் காதால் கேட்டது ஆங்கில (e). புதிய பட்டியலோடு அதைப் படிப்பவர் ஜெனரேட்டர் கட்டணமே நீங்கிவிட்டது என்று நினைப்பார்.

விதிகளுக்குள்ளேயே ஒன்றையொன்று சுட்டும் இடங்களை மாற்றும்போது வரிசை முக்கியம். ‘III’ஐத் தேடுவதற்கு முன்னால் ‘II’ஐத் தேடி மாற்றினால், III என்பது 2I ஆகிவிடும், நீளமானதிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்தாம் பிரிவில் ஏற்கெனவே தமிழ் அடையாளங்கள். அங்கே (ஈ-1) என்று நுழைந்ததை (உ) ஆக்கினால் பழைய (உ) ஊவாகவும், பழைய (ஊ) எவாகவும் தள்ள வேண்டும். மேலிருந்து மாற்றினால், (உ)விலிருந்து வந்த (ஊ) அடுத்த சுற்றில் மறுபடி (எ) ஆகிவிடும். கடைசி அடையாளத்திலிருந்து மேல்நோக்கி வந்தால் இந்தத் தொடர் விபத்து நேராது.

வாசகம் ஒரு சொல்லும் மாறவில்லை, எண் மட்டும்தானே, சுற்றறிக்கை போதாதா என்று செயலாளர் கேட்டார். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவான சங்கம் அது. பதிவாளரிடம் இருக்கும் பிரதியில் அந்த விதி III(i) என்றுதான் இருக்கிறது. அதனால் சிறப்புத் தீர்மானம் போட்டு, அட்டவணையை இணைப்பாகச் சேர்த்து, தீர்மானத் தேதிக்கு முந்தைய நோட்டீஸ்கள் அட்டவணையின் இடப்பக்கத்தின்படி படிக்கப்படும் என்று ஒரு வரியும் எழுதித் தாக்கல் செய்தார்கள்.