பெசாவா, சாகாவா? வாங்குமுன் பழுது ரசீதைக் கணக்கிடுங்கள்

பழைய பெரோடுவா பெசா, பழைய புரோட்டோன் சாகா இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்குக் கிடைக்கும்போது பலர் மாதத் தவணையை மட்டும் பார்க்கின்றனர். கிளட்ச், பம்பர், முகப்பு விளக்கு, சஸ்பென்ஷன் ஆகிய நான்குக்கும் பட்டறையில் விலை கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது. கேட்க வேண்டியது பாகத்தின் விலையை மட்டுமல்ல; வேலை முடிந்து கையில் வரும் முழு ரசீதின் தொகையை.

மேனுவல் கார்களுக்கு மட்டுமே கிளட்ச் கணக்கு பொருந்தும். தட்டு, பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே வழக்கம். காரணம், கியர்பாக்ஸைக் கழற்றும் கூலி பெரிது. புரிவதற்காக இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு காருக்குப் பாகம் 350 ரிங்கிட், கூலி 350, மற்றதற்குப் பாகம் 450, கூலி 200. பாகம் மலிவான காருக்குத்தான் 50 ரிங்கிட் கூடுதலாகச் செலவாகிறது. ஓட்டிப் பார்க்கும்போது மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் இந்தச் செலவு அருகில் இருக்கிறது என்று பொருள்.

இந்த இரு கார்களும் அதிகம் வேறுபடுவது முகப்பு விளக்கில்தான். 2019-இல் புதுப்பிக்கப்பட்ட சாகாவில் ஹாலோஜன் விளக்கு. பல்பு கருகினால் பல்பை மட்டும் மாற்றலாம். 2020-இல் புதுப்பிக்கப்பட்ட பெசாவின் 1.3 வகைகளில் எல்.இ.டி. விளக்கு. அது கெட்டால் பெரும்பாலும் முழு விளக்கையே மாற்றச் சொல்வார்கள். எனவே மாடலின் பெயரோடு ஆண்டையும் வகையையும் சொல்லியே விலை கேட்க வேண்டும்.

பம்பரில் பிளாஸ்டிக்கின் விலையோடு சாயம், கிளிப், உள்ளே தாங்கும் பிராக்கெட் ஆகியவையும் சேரும். சின்ன இடிக்குக் காப்புறுதியைக் கோருமுன் யோசிக்கவும். சொந்தச் சேதத்துக்குக் கோரினால், 55 விழுக்காடு வரை சேர்ந்திருக்கும் என்.சி.டி. கழிவு பூஜ்யமாகிவிடும். அடுத்த ஆண்டு கூடுதலாகக் கட்ட வேண்டிய தொகையை ரசீதோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

சஸ்பென்ஷனில் அப்சார்பரை ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதில்லை. இடது, வலது இரண்டையும் மாற்றுவர். தேய்ந்த மவுண்டிங், புஷ், இறுதியில் அலைன்மெண்ட் ஆகியவற்றையும் சேர்த்தே விலை கேட்கவும்.

ஒப்பிடும்போது இரு கார்களுக்கும் ஒரே தரப் பாகமே இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஒரிஜினல், மற்றதற்கு ஹாஃப்கட் பாகம் என்று விலை வாங்கினால் ஒப்பீடே பிழையாகும். ஒரே பட்டறையில், ஒரே நாளில், பாகம் தனியாகவும் கூலி தனியாகவும் எழுதி வாங்கினால் எந்தக் கார் செலவு வைக்கும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.