முழங்கால் ஸ்டீராய்டு ஊசி: சாதாரண வலியா, கிருமியா?

மூட்டுத் தேய்மானத்தால் வீங்கிய முழங்காலுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் 40 மி.கி. டிரையாம்சினோலோன் போடுகிறார்கள். தோலில் தடவிய கிருமிநாசினி காய்ந்தபின், அந்த இடத்தை மீண்டும் தொடாமல் ஊசியைச் செலுத்த வேண்டும். முதலில் மூட்டு நீரை உறிஞ்சிப் பார்ப்பார்கள். அது கலங்கலாக இருந்தால் ஸ்டீராய்டு போடாமல் பரிசோதனைக்கு அனுப்புவதே சரி.

அன்று இரவே வலி கூடினால், அது பெரும்பாலும் மருந்துத் துகள்களின் எரிச்சல்தான். ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஆனால் உம்மாவுக்குத் திங்கட்கிழமை ஊசி போட்டு, வலி குறைந்து, வெள்ளிக்கிழமை மூட்டு சூடாகி வீங்கி, காலை ஊன்றவே முடியாமல் போனால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கொடுத்துவிட்டால், நீரைப் பரிசோதிக்கும்போது கிருமி தெரியாமல் போகலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும், தினமும் பாருங்கள். அதே மூட்டில் அடுத்த ஊசிக்கு 3 மாதமாவது இடைவெளி வேண்டும்.