பூகம்பத்தில் நின்ற மண் வீடும், புயலில் பறந்த நம் கூரையும்



2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நம் கந்தர்வக்கோட்டைப் பக்கத்தைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகு "மண் வீடு, கூரை வீடு என்றாலே ஆபத்து, காங்கிரீட்தான் தீர்வு" என்ற பேச்சு வலுத்தது. அது முழு உண்மையல்ல என்பதற்கு குஜராத்தின் கட்ச் மாவட்டம் சாட்சி.

2001 ஜனவரி 26, குடியரசு தினத்தன்று காலை 8.46 மணிக்கு அங்கே பெரும் பூகம்பம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்லைச் சேற்றில் அடுக்கிய வீடுகளோடு மாடிக் காங்கிரீட் கட்டடங்கள் பலவும் சரிந்தன. ஆனால் பன்னி என்ற புல்வெளிப் பகுதியில் வட்டமான மண் வீடுகள் பெரும்பாலும் நின்றன. அவற்றை அங்கே 'பூங்கா' என்கிறார்கள். நம் பூங்காவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்! 1819 பூகம்பத்துக்குப் பிறகுதான் இந்த வட்ட வடிவம் பரவியது என்று சொல்வார்கள்.

நான்கு சுவர் வீடு குலுங்கும்போது, ஒவ்வொரு சுவரும் வெவ்வேறு விதமாக ஆடுவதால் முதலில் மூலைதான் பிளக்கும். வட்டச் சுவருக்கு மூலையே இல்லை. மேலே இருப்பதும் இலேசான புல் கூரை. விழுந்த சில பூங்காக்களிலும் குறை வடிவத்தில் இல்லை; சரியாகக் கட்டாததும் பராமரிக்காததுமே காரணம்.

ஹுன்னர்ஷாலா என்ற அமைப்பு உள்ளூர்க் கைவினைஞர்களோடு சேர்ந்து மீண்டும் கட்டியபோது வடிவத்தை மாற்றவில்லை. மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்திய கற்களால் சுவர் எழுப்பினார்கள். கதவு, ஜன்னலுக்கு மேலே சுவரைச் சுற்றி ஒரு பட்டை கட்டினார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தை இரும்புப் பட்டா இறுக்கிப் பிடிக்கிறதே, அதே வேலைதான்.

இதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பூகம்பத்தில் உயிரைக் காத்த இலேசான கூரையைத்தான் புயல் முதலில் தூக்கும். கூரையைக் காற்று மேலிருந்து அழுத்துவதைவிட, கீழே புகுந்து தூக்குவதும் மேலே உறிஞ்சுவதுமே அதிகம். நம் வீடுகளில் இதற்கு வசதியான இடம் திண்ணைக்கு மேல் நீளும் தாழ்வாரம். அதன் கைமரமும் வீட்டுக் கைமரமும் ஒன்றாகவே ஓடினால், தாழ்வாரம் கிளம்பும்போது முழுக் கூரையையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஆகவே தாழ்வாரத்தைத் தனிக் கூரையாகப் பிரித்துப் போட வேண்டும். சுவருக்கு வெளியே நீளும் இறவாரம் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கச் சரிவைவிட நான்கு பக்கச் சரிவு நல்லது. முக்கியமாக, கைமரத்தை உத்தரத்தோடும், உத்தரத்தைச் சுவரோடும், சுவரை அடித்தளத்தோடும் கம்பியால் பிணைக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் காற்று அங்கேதான் பிய்க்கும்.

உங்கள் வீட்டில் இன்றே பார்க்கலாம். கைமரம் உத்தரத்தின் மேல் வெறும் ஆணியிலோ, இற்றுப்போன கயிற்றிலோ உட்கார்ந்திருக்கிறதா? அடுத்த ஐப்பசிக்குள் அதை மாற்றிவிடுங்கள்.