88888: மேனேஜர் இல்லாத ஒரு அப்ரூவல்

பொட்டி தட்டும் மக்கள் எல்லாருக்கும் இந்தக் காத்திருப்பு பழக்கம்தான். ஏதோ ஒரு சிஸ்டத்துக்கு ஆக்சஸ் வேணும்னு விண்ணப்பம் போடுவோம். அது மேனேஜருக்குப் போகும். அவர் மீட்டிங்கில் இருப்பார், லீவில் இருப்பார், கடைசியில் ஒருவழியாக அப்ரூவ் பண்ணுவார். பிறகு சிஸ்டம் தானே கதவைத் திறந்துவிடும். யாருக்கு, எதற்கு, யார் சொல்லி, எப்போது திறந்தது என்று ஒரு வரி பதிவாகும். அந்த ஒரு வரியைத்தான் வருஷா வருஷம் ஆடிட்டர்கள் வந்து தோண்டுவார்கள்.

"இதெல்லாம் எதுக்குய்யா?" என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்லும் கதை பேரிங்ஸ் வங்கி. லண்டனில் 1762-ல் தொடங்கிய வங்கி. 1995 பிப்ரவரியில் சிங்கப்பூர் கிளை ஊழியர் நிக் லீசனால் திவாலானது. சூதாடினான், தோற்றான், வங்கி முழுகியது என்றுதான் இதைப் பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட சுவாரசியமாகப் படுவது 1992 ஜூலையில் நடந்த ஒரு சின்ன கம்ப்யூட்டர் வேலை.

லீசனை சிங்கப்பூருக்கு அனுப்பியது கணக்கு முடிக்கிற பின்பக்க வேலைக்கு, அதாவது பேக் ஆபீசுக்கு. போன கொஞ்ச நாளிலேயே சைமெக்ஸ் சந்தையில் வியாபாரம் செய்யும் தகுதியும் வாங்கிக்கொண்டார். ஆனால் பழைய வேலையை யாரும் திரும்ப வாங்கவில்லை. வாங்கி விற்பதும் அவரே, அதைச் சரிபார்த்துக் கணக்கில் ஏற்றுவதும் அவர் கையின் கீழே. கடைக் கல்லாவும் கணக்குப்பிள்ளை நோட்டும் ஒரே ஆளிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1992 ஜூலை 3-ம் தேதி 88888 என்ற எண்ணில் ஒரு பிழைக் கணக்கு தொடங்கப்பட்டது. சந்தை இரைச்சலில் தப்பாக நடந்துவிடும் சில்லறை வியாபாரங்களைத் தற்காலிகமாகப் போட்டுவைக்க இப்படி ஒரு கணக்கு எல்லா இடத்திலும் இருப்பதுதான். அதில் தப்பில்லை. (எட்டு சீனர்களுக்கு ராசியான எண். அஞ்சு எட்டு! ராசி வேலை செய்யவில்லை :-))

சில நாள் கழித்து, அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஆலோசகரிடம் லீசன் ஒரு மாற்றம் கேட்டார். தினமும் லண்டனுக்குப் போகும் அறிக்கைகளில் இந்த ஒரு கணக்கு வரக்கூடாது. ஆலோசகரும் நிரலை மாற்றிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கிளையில் பெரிய கை கேட்கிறார், செய்து கொடுத்தார். லண்டனில் யாருக்கும் ஒரு தாள்கூடப் போகவில்லை. கண்டிப்பான கணக்குப்படி பார்த்தால் இது ஆக்சஸ் கோரிக்கை இல்லை, நிரல் மாற்றக் கோரிக்கை. ஆனால் பாதை ஒன்றுதான்: ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் சரி என்கிறார், மூன்றாவது கை செய்கிறது, எங்கோ பதிவாகிறது. இங்கே முதலாவதும் மூன்றாவதும் மட்டும்தான் இருந்தன.

கதையில் ஒரு ஓட்டை உண்டு. மார்ஜின் பணம் சம்பந்தமான கோப்பில் மட்டும் 88888 தொடர்ந்து லண்டனுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அங்கிருந்த சிஸ்டத்துக்கு அந்த எண் தெரியாது. தெரியாததை என்ன செய்யும்? 'தீர்க்கப்படாதவை' என்ற கோப்பில் ஓரமாகப் போட்டு வைத்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை. பதிவு இருந்தது, படிக்க ஆளில்லை! நஷ்டம் 1992 முடிவில் 20 லட்சம் பவுண்டு, 1993 முடிவில் 2.3 கோடி, 1994 முடிவில் 20.8 கோடி. 1995 ஜனவரி 17-ல் ஜப்பானின் கோபே நகரில் பூகம்பம் வந்து பங்குச்சந்தை சரிந்த பிறகு, பிப்ரவரி கடைசியில் 82.7 கோடி. வங்கியின் மூலதனத்தைவிட அதிகம். டச்சு நிறுவனமான ஐ.என்.ஜி. அதை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது.

'அந்தக் காலத்தில் இந்தக் கட்டுப்பாடெல்லாம் யாருக்குத் தெரியும்' என்று சொல்ல முடியாது. 1987-லேயே டேவிட் கிளார்க் என்ற எம்.ஐ.டி. விஞ்ஞானியும், டேவிட் வில்சன் என்ற தணிக்கை நிறுவனத்துக்காரரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதிவிட்டார்கள். ராணுவத்துக்கு ரகசியம் வெளியே போகக்கூடாது என்பது கவலை, வணிகத்துக்குக் கணக்கு பொய்யாகக்கூடாது என்பது கவலை, அதனால் பாதுகாப்பும் வேறாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியலை மாற்றுகிறவருக்கு அந்த அனுமதியைப் பயன்படுத்தும் உரிமை இருக்கக்கூடாது என்றார்கள். நடந்ததைத் திரும்பக் கட்டி எழுப்பும் அளவுக்கு, சேர்க்க மட்டுமே முடிகிற, அழிக்க முடியாத பதிவு வேண்டும் என்றும் சொன்னார்கள். கணக்குப்பிள்ளைகள் நூற்றாண்டுகளாகச் செய்ததை நிரலுக்குள் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான்.

சரி, 1992-ல் சிங்கப்பூரில் இன்றைக்கு இருப்பதுபோல ஒரு விண்ணப்பப் படிவம் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்குமா? பலரும் உடனே ஆமாம் என்பார்கள். எனக்குச் சந்தேகம். படிவத்தில் 'மேனேஜர்' என்ற கட்டத்தில் யார் பெயரைப் போடுவது? வியாபாரத்துக்கு லண்டனில் ஒரு தலைமை, உள்ளூர் நிர்வாகத்துக்கு சிங்கப்பூரில் இன்னொன்று. ஆளாளுக்கு 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று இருந்தார்கள். இந்த அமைப்பே ஆபத்து என்று 1992 மார்ச்சிலேயே சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குக் கடிதம் போயிருந்தது. 1994-ல் உள்தணிக்கை நடந்து, பின்பக்க வேலையை லீசனிடமிருந்து பிரிக்கச் சொன்னது. அதுவும் நடக்கவில்லை. மேனேஜர் கட்டத்தில் ஏதோ ஒரு பெயர் இருந்தால் போதும், மென்பொருள் அதற்குமேல் கேட்காது. அப்ரூவலும் சுத்தமாகப் பதிவாகும்.

இந்தப் படிவங்கள் பெரிய அளவில் வந்தது அடுத்த பத்தாண்டில்தான். என்ரானும் வேர்ல்ட்காமும் விழுந்தபிறகு அமெரிக்கா 2002-ல் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் போட்டது. அதன் 404-வது பிரிவு, கணக்கைத் தொடும் கட்டுப்பாடுகள் வேலை செய்கின்றனவா என்று நிர்வாகமே மதிப்பிட்டுச் சொல்லவேண்டும் என்றது. அதுவரை போன் போட்டு "தம்பி, இந்த ஆளுக்கும் குடுத்துடுப்பா" என்று வாங்கிய ஆக்சஸுக்கெல்லாம் டிக்கெட் எண் கேட்க ஆரம்பித்தார்கள்.

நல்ல ஆடிட்டர் டிக்கெட்டிலிருந்து ஆரம்பிக்கமாட்டார், இதைக் கவனித்திருக்கிறீர்களா? டிக்கெட்டுகளை மட்டும் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அவர் முதலில் கேட்பது, இன்றைக்கு சிஸ்டத்துக்குள் யார் யாருக்கு என்ன அனுமதி இருக்கிறது என்ற பட்டியல், அதுவும் சிஸ்டத்திலிருந்து நேராக எடுத்தது. அதில் ஒவ்வொரு பெயரையும் எடுத்து அதற்கான டிக்கெட்டைத் தேடுவார். உதாரணத்துக்கு, சப்ளையருக்குப் பணம் கொடுக்கும் அனுமதி பட்டியலில் 12 பேருக்கு இருக்கிறது, டிக்கெட் 11 பேருக்குத்தான் இருக்கிறது என்றால், அந்தப் பன்னிரண்டாவது ஆள் கதவு வழியாக வரவில்லை என்று அர்த்தம். அடுத்து தேதி பார்ப்பார். அனுமதி செவ்வாய்க்கிழமை கிடைத்து அப்ரூவல் வியாழக்கிழமை வந்திருந்தால், யாரோ முதலில் கதவைத் திறந்துவிட்டுப் பிறகு தாளைத் தயாரித்திருக்கிறார்கள்.

இப்படிப் பிடிபடாத ஒன்று உண்டு. லீசனுக்கு நடந்தது அதுதான். பேக் ஆபீஸ் பொறுப்பு அவருக்கு முறையாகத்தான் வந்தது, வியாபாரம் செய்யும் உரிமையும் முறையாகத்தான் வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு அப்ரூவலும் செல்லும். ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற ஆள் பழைய சாவியைத் திருப்பிக் கொடுத்தாரா என்று கேட்க, புதிய மேனேஜருக்குக் காரணமில்லை. பழைய மேனேஜருக்கு அவர் இப்போது யாரோ. புது அனுமதி கேட்கும்போதே கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று மேனேஜரின் கண்முன் காட்டும் சிஸ்டத்தில்தான் இது மாட்டும். நான் வேலை பார்த்த இடங்களில் அப்படி ஒன்றை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அதிலும் மேனேஜர்கள் அந்தச் சிவப்பு எச்சரிக்கையைப் படிக்காமல் 'சரி'யை அமுக்கிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்கள்.