சித்திராங்கதையின் ‘நான்’

குருதேவர் விழா மலருக்கு வங்க மொழி குறித்து ஒரு கட்டுரை வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தார்கள். இரவீந்திரரின் வாழ்வும் அவர் பெற்ற பரிசும் இம்மலரைக் கையில் எடுக்கும் எவருக்கும் தெரிந்தவை. அவற்றைத் திரும்பச் சொல்லாமல், அவருடைய ‘சித்திராங்கதா’ நாடகத்தைத் தமிழில் கொண்டுவர முயல்பவர் முதல் பக்கத்திலேயே முட்டிக்கொள்ளும் ஓர் இடத்தை மட்டும் இங்கே பார்க்கலாம்.

வங்க மொழியில் ‘அவன்’ இல்லை, ‘அவள்’ இல்லை. ‘ஷே’ என்ற ஒரே சொல் இருவருக்கும் போதும். மரியாதை வேண்டுமானால் ‘தினி’. வினைச்சொல்லும் பால் காட்டாது. ‘ஷே ஜாச்சே’ என்றால் போவது ஆணா பெண்ணா என்று அந்த வாக்கியம் சொல்லாது. ‘தினி ஜாச்சென்’ என்றால் போகிறவர் மதிப்புக்குரியவர் என்பது மட்டும் விளங்கும். அண்டை மொழியான இந்தி இதற்கு நேர் எதிர். தன்மையில் பேசும்போதே ஆண் ‘ஜாதா ஹூம்’ என்பான், பெண் ‘ஜாதீ ஹூம்’ என்பாள். இந்தி பேசும் திருநங்கை ஒருவர் வாயைத் திறந்த மறுகணமே வினைமுற்றைக் கொண்டு தம்மைப் பெண்ணென்று அறிவித்துவிட முடியும். வங்காளத்துத் திருநங்கைக்கு அந்த வழி இல்லை. ‘ஆமி ஜாச்சி’ என்று அவர் ஆயிரம் முறை சொன்னாலும், அதே சொற்களைத்தான் அவருடைய அண்ணனும் சொல்வார்.

அப்படியானால் ‘நான் யார்’ என்பதை அம்மொழியில் எங்கே வைத்துச் சொல்வது? குருதேவரே இதற்கு ஒரு விடை காட்டியிருக்கிறார்.

சித்திராங்கதையின் கதை பாரதத்தின் ஆதி பருவத்தில் வருவது. மணிப்பூர் மன்னனுக்கு ஒரே மகள். அவள் வயிற்றில் பிறப்பவனே தன் குலத்துக்கு வாரிசு என்று தந்தை வைத்த நிபந்தனைக்கு இசைந்து அர்ச்சுனன் அவளை மணக்கிறான். வியாசர் இவ்வளவில் நிறுத்திக்கொண்ட இடத்திலிருந்து இரவீந்திரர் தொடங்குகிறார். 1892இல் கவிதை நாடகமாகவும், 1936இல் நாட்டிய நாடகமாகவும் அவர் இதை எழுதினார். அக்குலத்தில் ஆண் மக்களே பிறப்பார்கள் என்று சிவபெருமான் வரம் அளித்திருந்தும் பெண் பிறக்கிறாள். தந்தை அவளை மகனாகவே வளர்க்கிறான். வில்லும் வேட்டையும் கற்பிக்கிறான். காட்டில் சந்திக்கும் அர்ச்சுனன் அவளைச் சிறுவன் என்று எண்ணி இகழ்ச்சியாகச் சிரிக்கிறான். பின்னர் அவள் பெண்ணாக வந்து நின்றபோது, விரதத்தைக் காட்டி விலக்கிவிடுகிறான். மன்மதனிடம் அவள் ஓராண்டுக்கு அழகை வரமாகப் பெறுகிறாள்.

நாட்டிய நாடகத்தை மேடையேற்றும்போது இயல்பான சித்திராங்கதையை ஒருவரும், வரத்தால் அழகு பெற்ற சித்திராங்கதையை மற்றொருவரும் ஆடுவது மரபு. உடை மாறும், நடை மாறும், ஆடுபவரே மாறுவார். ஆனால் இருவருக்கும் ‘ஆமி’ ஒன்றுதான். உருவம் மாறியதை மொழி கண்டுகொள்வதே இல்லை. குருதேவர் இந்தச் சமநிலையை நன்றாக அறிந்து பயன்படுத்தியிருக்கிறார் என்றே தோன்றுகிறது. ஓரிடத்தில், கொள்ளையரிடமிருந்து தங்களைக் காக்கும் இளவரசியைக் கிராமத்து மக்கள் அர்ச்சுனனிடம் புகழ்கிறார்கள். அன்பைச் சொல்லும்போது அவளைத் தாய் என்கிறார்கள். தோள்வலியைச் சொல்லும்போது அரசன் என்கிறார்கள். இரண்டுக்கும் எழுவாய் ‘தினி’ ஒன்றே. தாய் என்ற சொல்லும் அரசன் என்ற சொல்லும் ஒரே பெயரின்மேல் உறுத்தலின்றி அமர்கின்றன. ‘தினி’ எந்தப் பக்கமும் சாயாததால்தான் அது இயல்கிறது. கடைசியில் அவள் தன்னை அறிவிக்கும் இடத்தில் பெயரைச் சொல்கிறாள், அரசனின் மகள் என்கிறாள், தான் தேவியும் அல்ல, எளிய மங்கையும் அல்ல என்கிறாள். பெயரும் உறவும் பெயர்ச்சொற்களுமே அங்கே சாட்சி நிற்கின்றன.

இதைத் தமிழில் எழுதும்போது என்ன நேரும்? கிராமத்தார் வாயில் ‘அவள்’ என்று போட்டால் ‘அரசன்’ அவளோடு சண்டையிடும். நல்லவேளையாக நம்மிடம் ‘அவர்’ இருக்கிறது. ‘அவர் தாய், அவர் அரசன்’ என்றால் தமிழ்க் காதுக்கும் ஒத்துக்கொள்கிறது. ஆனால் ‘ஷே’ வருகிற இடங்களில் இந்த வசதி கிடையாது. அங்கே மொழிபெயர்ப்பாளர் ஒரு பக்கம் சேர்ந்தே ஆக வேண்டும். வங்கத்திலிருந்து நமக்கு அள்ளித் தந்த த. நா. குமாரஸ்வாமி போன்ற பெரியோர் வரிக்கு வரி இந்த முடிவை எடுத்தவாறே நடந்திருப்பார்கள்.

நம் இலக்கணிகளும் இதைத் தொடாமல் போகவில்லை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்த பேடியைக் குறிக்கும் பெயர்களை எடுத்துக்கொள்கிறார். அவற்றுக்குத் தமக்கென்று தனி ஈறு இல்லை. உயர்திணைக்குரிய ஈறுகளையே பெறும் என்பது அவர் விதி. பேடியை உயர்திணைக்குள்ளேயே வைத்த அந்தப் பெருமை தமிழுக்கு உரியது.

வங்கத்தின் பக்தி மரபிலும் ஒரு காட்சி உண்டு. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கண்ணனின் தோழியருள் ஒருவராகத் தம்மைப் பாவித்த காலத்தில் சேலையும் நகையும் அணிந்து, ஜான்பஜாரில் மதுர்பாபுவின் வீட்டுப் பெண்களோடு பெண்ணாகவே இருந்தார். உடனிருந்து பழகிய மருமகன் ஹ்ருதயராமே அப்பெண்களுக்கு நடுவே அவரைச் சட்டென்று கண்டுபிடிக்கத் தடுமாறினார் என்று சுவாமி சாரதானந்தர் தம் ‘லீலா பிரசங்க’த்தில் பதிவு செய்கிறார். அந்நூலின் வங்க மூலத்தில் அந்தப் பகுதிக்கு முன்னும் பின்னும் ஸ்ரீராமகிருஷ்ணருக்கு ‘தினி’தான். ஆங்கிலத்தில் படிப்பவருக்கோ வரிதோறும் ஆண்பால் இடறும்.

இன்றைய தெருவுக்கு வந்தால், வங்காளிகள் பாலைச் சொல்லும் இடம் உறவுமுறை. பெயரோடு ‘தா’ சேர்ந்தால் அண்ணன், ‘தி’ சேர்ந்தால் அக்காள். சற்றே முறையான பேச்சில் ஆணுக்கு ‘பாபு’, பெண்ணுக்கு ‘தேபி’. தேநீர்க் கடையில் ‘ஏ தாதா’ என்ற விளியோ, பேருந்து நடத்துநரின் ‘திதி, டிக்கெட்’ என்ற கேள்வியோ ஒருவரை ஆணாகவோ பெண்ணாகவோ முடிவு கட்டிவிடும். சுட்டுப்பெயரில் வராத தவறு இந்த ஓரசையில் வந்துவிடுகிறது. பெயர் மாற்றிக்கொண்ட ஒருவரைப் பழைய நண்பர்கள் புதுப் பெயரால் அழைத்துவிட்டு, வாய்ப் பழக்கத்தில் ‘தா’ ஒட்டினால் பெயர் மாற்றியும் பயனில்லை. புதியவர் ஒருவர் தானாகவே ‘தி’ சேர்த்தால் அதைவிடப் பெரிய அங்கீகாரம் இல்லை. தொழிற்பெயர்களிலும் இதே நிலைதான்: ஆசிரியர் ‘ஷிக்கொக்’, ஆசிரியை ‘ஷிக்கிகா’, எழுத்தாளர் ‘லேகொக்’, பெண்ணானால் ‘லேகிகா’. வங்க மொழிப் பேராசிரியர் மானபி பந்த்யோபாத்யாய் 2015இல் கிருஷ்ணநகர் மகளிர் கல்லூரியின் முதல்வரானபோது, நாட்டின் முதல் திருநங்கை முதல்வர் என்று செய்திகள் வந்தன. அவர் தேர்ந்துகொண்ட பெயர் பெண்ணைக் குறிப்பது. அந்தப் பெயர் ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும், சுட்டுப்பெயர் செய்யாத வேலையை அது செய்கிறது.

எல்லாரும் ஒரு பக்கம் போய் நிற்க விரும்புவதில்லை. இயக்குநர் ரிதுபர்ணோ கோஷ் (1963–2013) தம் ‘சித்ராங்கதா’ படத்தில், குருதேவரின் இதே நாட்டிய நாடகத்தை மேடையேற்றும் நடனக் கலைஞராகத் தாமே நடித்தார். அப்பாத்திரம் உடல் மாற்றச் சிகிச்சைக்கும் ஆயத்தமாகிறது. 2012இல் வெளிவந்த அந்தப் படம் நடந்துகொண்டிருந்த நாட்களிலும் அவரைப் பலரும் ‘ரிதுதா’ என்றே அழைத்தார்கள். பெண்ணுக்குரிய அணியும் சாயமும் பூண்டவரின் பெயரில் அண்ணன் விகுதி. வங்கத்தில் அவரைப் பற்றி எழுதுபவருக்கு இது தொல்லையே அல்ல, ‘தினி’ போதும். ஆங்கிலத்தில் எழுதியவர்கள்தாம் ஆண்பாலா பெண்பாலா என்று திணறினார்கள்.

ஆகவே வங்கத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்க முற்படும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘ஷே’ வருகிற இடத்தில் பழக்கத்தால் ‘அவன்’ என்று எழுதிவிடாதீர்கள். அருகில் ‘தா’ இருக்கிறதா, ‘தி’ இருக்கிறதா, ‘லேகிகா’ போன்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால், ஆசிரியர் வேண்டுமென்றே விட்டுவைத்தாரா என்று நூல் முழுவதையும் ஒருமுறை படித்துவிட்டுத் தீர்மானியுங்கள். உயிரோடு இருப்பவரைப் பற்றியது என்றால் அவரிடமே கேட்டுவிடுங்கள். கேட்கும்வரை ‘அவர்’ இருக்கட்டும்.