வரிசையில் நிற்காத எண்கள்: கன்ரரும் டெடெகிண்டும், 1873

உயர்தரத்தில் கணிதம் படித்தவர்களுக்கு √2 பழக்கமான ஆள். பின்னமாக எழுத ஏலாது, ஆனால் x² − 2 = 0 எண்ட சமன்பாட்டின் மூலம். இப்படி, நிறைவெண் குணகங்கள் கொண்ட ஏதோவொரு பல்லுறுப்பியின் மூலமாக வரும் எண்களை அட்சரகணித எண்கள் என்பார்கள். பின்னங்கள் எல்லாம் இதற்குள் அடக்கம். அப்ப, இதற்குள் அடங்காத எண் ஏதும் இருக்கா? இருக்கு எண்டு 1844இல் லியூவில் முதலில் நிறுவினார். 1873இல் ஹெர்மிட் e அப்படியான எண் எண்டு காட்டினார். ஒவ்வொன்றையும் பிடிப்பது பெரும்பாடாக இருந்ததால், இவை அரிதானவை எண்டே தோன்றும்.

அதே 1873 நவம்பர் 29ஆம் திகதி, ஹாலே நகரில் இருந்த கியோர்க் கன்ரர் தன் நண்பர் டெடெகிண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1, 2, 3... எண்டு எண்ணி மெய்யெண்கள் அனைத்தையும் ஒரே வரிசையில் நிறுத்த முடியுமா எண்டது கேள்வி. டெடெகிண்டுக்கு விடை தெரியவில்லை. ஆனால் பதிலோடு வேறொன்றை அனுப்பினார்: அட்சரகணித எண்களை அப்படி நிறுத்த முடியும் எண்டதற்கான நிறுவல்.

அது எளிமையானது. ஒவ்வொரு பல்லுறுப்பிக்கும் ஒரு ‘உயரம்’ கொடுப்போம். அதன் படியில் 1ஐக் கழித்து, குணகங்களின் பருமன்களை (குறியைப் பார்க்காமல்) கூட்டினால் வருவதே உயரம். x² − 2இன் உயரம் 1 + 1 + 2 = 4. ஓர் உயரத்தைச் சொன்னால் படியும் குணகங்களும் அதைத் தாண்ட இடமில்லை. ஆகவே அந்த உயரத்தில் பல்லுறுப்பிகள் முடிவுள்ள எண்ணிக்கைதான். ஒவ்வொன்றுக்கும் படியின் அளவுக்கு மேல் மூலங்களும் இல்லை.

இனி உயரம் 1, 2, 3 எண்டு போவோம். ஒவ்வொரு உயரத்திலும் வரும் மெய் மூலங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதி, முன்பே வந்தவற்றை விட்டுவிடுவோம். உயரம் 1இல் 0 மட்டும். உயரம் 2இல் −1, 1. உயரம் 3இல் −2, −1/2, 1/2, 2. உயரம் 4இல் பன்னிரண்டு எண்கள். √2 அங்கேதான் வருகிறது. எந்த அட்சரகணித எண்ணும் ஏதோவோர் உயரத்தில் கட்டாயம் வந்துவிடும். வரிசை தயார்.

டிசம்பர் 7ஆம் திகதி கன்ரர் மற்றப் பாதியை எழுதி அனுப்பினார்: எந்த வரிசையைக் கொடுத்தாலும் அதில் இல்லாத மெய்யெண் ஒன்று உண்டு. நம்முடைய வரிசையிலேயே செய்து பார்ப்போம். 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஆயிடையை எடுங்கள். வரிசையில் அதற்குள் விழும் முதல் இரண்டு எண்கள் 1/2, 1/3. அவற்றை முனைகளாக வைத்து ஆயிடையைச் சுருக்குங்கள். புதிய ஆயிடைக்குள் விழும் அடுத்த இரண்டு: உயரம் 5இல் √2 − 1, அதாவது ஏறத்தாழ 0.414, உயரம் 6இல் (√3 − 1)/2, ஏறத்தாழ 0.366. திரும்பவும் சுருக்குங்கள். எந்த இரண்டு அட்சரகணித எண்களுக்கும் நடுவில் இன்னும் முடிவில்லாமல் இருப்பதால் இந்த வேலை நிற்காது. இடது முனை ஏறிக்கொண்டே போகும், வலது முனை இறங்கிக்கொண்டே வரும். எல்லா ஆயிடைகளுக்கும் உள்ளே ஓர் எண்ணாவது மிஞ்சும்.

அது வரிசையில் இருக்க முடியுமா? முடியாது. n தடவை சுருக்கியபின், வரிசையின் முதல் 2n எண்களில் ஒன்றும் ஆயிடைக்கு உள்ளே இல்லை. ஒன்றில் முனையாக நிற்கும், இல்லாவிட்டால் வெளியே கிடக்கும். மிஞ்சிய எண்ணோ எப்போதும் உள்ளே. எனவே அது எந்த அட்சரகணித எண்ணும் இல்லை.

கன்ரர் எண்ணைக் காட்டாமல் ‘இருக்கு’ எண்டு மட்டும் சொன்னார் எண்டொரு கதை உலாவுகிறது. அது சரியில்லை. மேலே நாம் செய்தது ஒரு கணிப்பு முறை. பொறுமை இருந்தால் வேண்டிய தசமதானம் வரை போகலாம்.

‘பெரும்பாலானவை’ எண்டு ஏன் சொல்கிறோம்? அட்சரகணிதம் அல்லாத எண்களையும் வரிசையில் நிறுத்த முடியும் எண்டு வையுங்கள். இரண்டு வரிசைகளிலிருந்தும் மாறி மாறி ஒவ்வொன்றாக எடுத்தால் மெய்யெண்கள் முழுவதும் ஒரே வரிசைக்கு வந்துவிடும். அது முடியாதெண்டு இப்பதான் பார்த்தோம். ஆகவே வரிசைக்கு அடங்காத கூட்டம் முழுதும் அந்தப் பக்கம்தான். ஆனால் குறித்த ஓர் எண் எந்தப் பக்கம் எண்டு இந்த வாதம் சொல்லாது. πக்கான விடை 1882இல் லின்டெமான் வேறு வழியில் நிறுவும்வரை காத்திருந்தது.

கன்ரரின் கட்டுரை 1874இல் வெளிவந்தது. தலைப்பு அட்சரகணித எண்களைப் பற்றியது. மெய்யெண்கள் வரிசைக்கு அடங்காதவை எண்ட பெரிய செய்தி தலைப்பில் இல்லை. முதற்பாதி நிறுவலை அனுப்பிய டெடெகிண்டின் பெயரோ கட்டுரையில் எங்குமே இல்லை. அந்தக் கடிதங்கள் 1937இல் எம்மி நோதர், ழான் கவையே ஆகியோரின் பதிப்பாக அச்சில் வந்தபிறகுதான் அவருடைய பங்கு வெளியே தெரிந்தது.