வெட்டுப்புள்ளியைத் தாழ்த்தினால் போதுமா? பள்ளிக்குப் போகாத முதியோரும் மறதி நோய்ச் சோதனைகளும்

மறதி நோய் இருக்கிறதா என்று படுக்கையருகே பத்து நிமிடத்தில் கேட்டுப் பார்க்கும் சோதனைகளில் உலகெங்கும் அதிகம் வழங்குவது, ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மெக்ஹியூவும் 1975இல் வெளியிட்ட 'மினி மென்டல் ஸ்டேட்' சோதனை. மொத்தம் 30 மதிப்பெண். 24க்குக் கீழே போனால் மேற்கொண்டு ஆராய வேண்டும் என்பது பழகிப்போன வெட்டுப்புள்ளி. 1982இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவ நோயாளிகளிடம் அந்தோணி குழுவினர் இதைச் சோதித்தபோது, உணர்திறன் 87 விழுக்காடு, தனித்திறன் 82 விழுக்காடு என்று கண்டார்கள். அதாவது மனக்குழப்பமோ மறதி நோயோ உள்ள நூறு பேரில் 87 பேரைச் சோதனை பிடித்தது. இல்லாத நூறு பேரில் 82 பேரைச் சரியாக விலக்கியது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. நோய் இல்லாமலே 'நோய்' என்று முத்திரை பெற்றவர்கள் அத்தனை பேரும் ஒன்பது ஆண்டுக்கும் குறைவாகப் படித்தவர்கள். சோதனையின் பிழை எல்லோர்மீதும் பரவலாக விழவில்லை, ஒரு சாராரின் தலையிலேயே விழுந்தது. இதற்கு மருந்தாகப் பொதுவாகச் சொல்லப்படுவது, படிக்காதவர்களுக்கு வெட்டுப்புள்ளியைத் தாழ்த்திவிடலாம் என்பது. அந்த மருந்து நோயின் இடத்தைத் தொடவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மதிப்பெண் எங்கே கழிகிறது என்று பார்த்தால் இது விளங்கும். பள்ளி வாசலை மிதிக்காத, வயல் வேலை செய்து வாழ்ந்த, நினைவில் குறையேதும் இல்லாத 72 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிழமையும் மாதமும் பருவமும் அவருக்குத் தெரியும். தேதியும் ஆண்டு எண்ணும் தெரியாது, அவை அவர் வாழ்க்கைக்குத் தேவைப்பட்டதில்லை. இரண்டு மதிப்பெண் போயிற்று. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னால் 93 சொல்வார், அதற்கப்பால் தடுமாறுவார். ஐந்தில் நான்கு போயிற்று. 'கண்களை மூடுங்கள்' என்று எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்வதற்கு ஒன்று, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுவதற்கு ஒன்று, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவதற்கு ஒன்று என்று மேலும் மூன்று. ஆக 21. சற்று முன் சொன்ன மூன்று சொற்களையும் அவர் மறக்காமல் திருப்பிச் சொன்னார். ஆனால் சோதனை அவரை நோயாளி என்கிறது. பக்கத்துப் படுக்கையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அந்த மூன்று சொற்களில் ஒன்றுகூட அவருக்கு நினைவில்லை, மற்றதெல்லாம் சரி. அவருக்கு 27. சோதனை அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தொடுவது இந்தப் புதிய நினைவைத்தான். ஆனால் 30 மதிப்பெண்ணில் அதற்கு ஒதுக்கியிருப்பது மூன்றே மூன்று.

இப்போது வெட்டுப்புள்ளியைத் தாழ்த்திப் பார்ப்போம். அப்படிச் செய்ய ஆதாரம் இல்லாமல் இல்லை. கிரம் குழுவினர் 1993இல் அமெரிக்க மக்களிடம் திரட்டிய கணக்கில், ஒன்பது ஆண்டும் அதற்கு மேலும் படித்தவர்களின் நடுமதிப்பு 29. நான்கு ஆண்டும் அதற்குக் குறைவாகவும் படித்தவர்களுக்கு 22. எனவே படிக்காதவர்களுக்கு 18க்குக் கீழே போனால்தான் சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். நம் 72 வயதுப் பெண் தப்பித்தார். ஆனால் இரண்டு ஆண்டு கழித்து நோய் வந்து மூன்று சொற்களும் மறந்துபோனால் அவர் மதிப்பெண் 18. அப்போதும் அவர் தப்பிக்கிறார், இம்முறை தப்பிக்கக் கூடாத நேரத்தில். வெட்டுப்புள்ளியை இறக்கும்போது தனித்திறன் கூடுகிறது, உணர்திறன் குறைகிறது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறோம். காரணம் எளிது. அவர் இழந்த ஒன்பது மதிப்பெண்ணும் நோயைப் பற்றி எதையும் சொல்லாத மதிப்பெண்கள். அவற்றைக் கூட்டுத்தொகையில் வைத்துக்கொண்டே கோட்டை மட்டும் நகர்த்துவது, கல்லைத் தட்டிலேயே வைத்துவிட்டு முள்ளைத் திருத்துவது போன்றது. 2005இல் வந்த மான்ட்ரியல் சோதனை பன்னிரண்டு ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தருகிறது. கனசதுரம் வரை, கடிகாரம் வரை, ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல் என்றெல்லாம் கேட்கும் தாளில், பென்சிலே பிடிக்காத கைக்கு அந்த ஒரு மதிப்பெண் என்ன ஈடு?

ஆகவே திருத்த வேண்டியது கேள்விகளை. வட இந்தியாவின் பல்லப்கரில் கங்குலி குழுவினர் 1995இல் வெளியிட்ட இந்திச் சோதனை அதைச் செய்தது. படித்துக் கண்ணை மூடுவதற்குப் பதிலாக, சோதிப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்யச் சொன்னது. வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்காமல் இருபதிலிருந்து மூன்று மூன்றாகக் கழிக்கச் சொன்னது. இது சலுகை அல்ல. கவனத்தையும் மொழியையும் அளக்கும் நோக்கம் அப்படியே இருக்கிறது, குறுக்கே நின்ற பள்ளி மட்டும் விலகியிருக்கிறது. போர்ச்சுகலில் அலெக்சாண்ட்ரா ரெய்ஸ் குழுவினரின் ஆய்வுகளும் இதே வழியைக் காட்டுகின்றன. எழுத்தறியாதவர்கள் கோட்டோவியத்தில் உள்ள பொருளைப் பெயர் சொல்லத் திணறினார்கள். அதே பொருளை நேரில் காட்டியபோது படித்தவர்களுக்கு இணையாகச் சொன்னார்கள். படத்தைக் காட்டிப் பெயர் கேட்கும் சோதனையில் அவர்கள் இழக்கும் மதிப்பெண்ணை மொழிக்குறை என்று எழுதினால் அது தவறான பதிவு.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. படிப்புக் குறைவே மறதி நோய்க்கு ஒரு காரணி. லான்செட் ஆணையமும் தடுக்கக்கூடிய காரணிகளின் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது. அப்படியிருக்கப் படிப்பின் பாதிப்பைத் துடைத்தெடுத்தால் உண்மையான நோயையும் சேர்த்துத் துடைத்துவிட மாட்டோமா என்று கேட்கிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாழ்த்துவோருக்கு எதிராக இந்த மறுப்பு முழுக்கச் செல்லும். கேள்விகளை மாற்றுவதற்கு எதிராகச் செல்லாது. படிக்காத ஒருவருக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மையானால், அந்த நோயை அவரிடம் கண்டுபிடிக்கக்கூடிய கேள்வி நம்மிடம் இருக்க வேண்டியது இன்னும் கட்டாயமாகிறது. எழுதத் தெரியாததை நோயாகக் கணக்கிடுவதால் அந்தக் கூடுதல் வாய்ப்பு அளக்கப்படுவதில்லை.

இன்னொரு வழி, உடனிருப்பவரிடம் கேட்பது. முன்பு செய்த வேலையை இப்போது செய்ய முடிகிறதா என்ற கேள்வி அவரை அவரோடே ஒப்பிடுகிறது. நோயாளியின் சோதனையையும் உறவினரின் பதிலையும் சேர்த்து 10/66 ஆய்வுக்குழு உருவாக்கிய முறை, 2003இல் வெளியான முடிவுகளின்படி, நோயுள்ளவர்களில் 94 விழுக்காட்டினரைப் பிடித்தது. படிப்புக் குறைந்த நலமுள்ளவர்களில் 6 விழுக்காட்டினரை மட்டுமே தவறாகச் சுட்டியது. ஆனால் உறவினரின் சொல்லுக்கும் எல்லை உண்டு. அதே குழு 2008இல் வெளியிட்ட பல நாட்டுக் கணக்கில், அன்றாடச் செயல்பாடு குலைந்திருக்க வேண்டும் என்று கோரும் வழக்கமான அமெரிக்க வரையறையின்படி, வேலூர்ப் பகுதிக் கிராமங்களில் நோயின் அளவு 0.3 விழுக்காடு, கியூபாவில் 6.3. வேலூர்க் கிராமங்களில் நோய் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. மருமகள் சமைக்க, மகன் கடைக்குப் போக, பெரியவரிடம் எதுவும் எதிர்பார்க்கப்படாத வீட்டில், அவரால் எது முடியவில்லை என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. 'வயசானா மறக்கத்தானே செய்யும்' என்ற பதிலும் அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே 'சமைக்கிறாரா' என்று கேட்டுப் பயனில்லை. 'அடுப்பில் வைத்ததை மறந்தாரா, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா, தெரிந்த தெருவில் வழி தவறினாரா' என்று குறிப்பாகக் கேட்க வேண்டும்.

ஆயிரம் முதியோரில் 50 பேருக்கு நோய் என்று கொண்டு, 1982இன் எண்களையே பொருத்தினால், சோதனை பிடிப்பது ஏறக்குறைய 44 பேரை. நோயில்லாமல் சிக்குபவர்கள் 171 பேர். சுட்டப்பட்ட ஐவரில் நால்வர் நலமானவர்கள். பள்ளி காணாதோர் மிகுந்த ஊரில் இந்த விகிதம் இன்னும் மோசமாகும். எனவே புறநோயாளிச் சீட்டில் '21/30' என்று மட்டும் எழுதுவது போதாது. எத்தனை ஆண்டு படித்தார், காதும் கண்ணாடியும் சரியாக இருந்தனவா, எந்தெந்தக் கேள்வியில் மதிப்பெண் போயிற்று, மூன்று சொற்களில் எத்தனை திரும்பி வந்தன என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து வேறொரு மருத்துவர் அதே பெண்ணிடம் 18ஐக் காணும்போது, போன மூன்றும் நினைவிலிருந்து போனவையா என்று அவர் அறிய வேறு வழி இல்லை.